மஞ்சள் விளக்கடியில் மறையும் மெனு

மெனு கார்டில் எழுத்துப்பிழை இல்லை. விலைகள் சரி. அட்டை நல்ல கனம், அச்சும் சுத்தம். பகல் பதினொரு மணிக்கு வருகிறவர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. மாலை ஆறரை தாண்டியதும் அதே கார்டைக் கையில் எடுப்பவர்கள் முதலில் முகத்தருகே கொண்டுபோகிறார்கள், பிறகு விளக்கை நோக்கிச் சாய்க்கிறார்கள், கடைசியில் கைபேசி டார்ச்சைப் போடுகிறார்கள். புதிதாகத் திறக்கும் கஃபேக்களில் இது அடிக்கடி நடக்கும் கூத்து. கார்டைச் செய்துகொடுத்த டிசைனரிடம் சொன்னால், "இங்கே நல்லாத்தானே தெரியுது?" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அங்கே நன்றாகத்தான் தெரியும்.

இந்த இழுபறியைத் தீர்ப்பதற்கு உரிமையாளர் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்துப் பார்த்தேன். கோவையில் மாலைக் கூட்டத்தை நம்பி நடக்கும் சிறிய கஃபே என்று வைத்துக்கொள்வோம். எழுதுபவர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. டிசைனர் தம்பி வயதுக்காரர்.

"அன்புள்ள தம்பிக்கு,

கார்டுகள் வந்து சேர்ந்தன. பகலில் பார்க்க மிகவும் அழகாக இருக்கின்றன. ஓரத்தில் நீங்கள் வரைந்த காபி இலையைப் பார்த்துவிட்டு யார் செய்தது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

ஆனால் மாலையில் ஒரு சிக்கல். எங்கள் விளக்குகள் எல்லாம் 2700K வார்ம் ஒயிட். மேஜைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டிருக்கிறோம், கூரையில் வேறு விளக்கு இல்லை. வெளி வெளிச்சம் போனதும் கார்டில் நடப்பது இது. அடர் பழுப்பில் இருக்கும் காபிப் பெயர்கள் நன்றாகத் தெரிகின்றன. அவற்றைத் தொட வேண்டாம். பெயருக்குக் கீழே செம்மண் நிறத்தில் இருக்கும் விளக்க வரியைக் கல்லூரிப் பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள், என் வயதுக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். கடுகு மஞ்சளில் இருக்கும் விலை யாருக்கும் தெரியவில்லை. 180ஐ 160 என்று படித்துவிட்டு ஒருவர் பில் வந்த பிறகு சத்தம் போட்டார்.

உங்களுக்குக் காட்ட போட்டோ எடுத்தேன். போட்டோவில் எல்லாம் தெளிவாக விழுகிறது. அதனால் அதை அனுப்பவில்லை.

எழுத்துகளின் நிறத்தை மட்டும் மாற்றித் தாருங்கள். விலை, காபிப் பெயரின் அதே அடர் பழுப்பில் வரட்டும். விளக்க வரிக்கு அடர் பச்சை வைத்தாலும் சரி, பழுப்பே வைத்தாலும் சரி. கடுகு மஞ்சள் எங்கள் கடையின் நிறம், அது மேலே பட்டையிலும் ஓரத்து இலையிலும் அப்படியே இருக்கட்டும். க்ரீம் அட்டையும் மாற வேண்டாம்.

மொத்தமாக அச்சடிக்கும் முன் அதே அட்டையில், அதே லேமினேஷனோடு ஒரே ஒரு கார்டு எடுத்து அனுப்புங்கள். இரவு மேஜையில் வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் காலை சொல்கிறேன்.

அக்கா."

சாதாரணமான கடிதம்தான். ஆனால் டிசைனருக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. விளக்கின் எண் இருக்கிறது, எந்த நிறம் தெரிகிறது, எது தெரியவில்லை, யாருக்குத் தெரியவில்லை என்பது இருக்கிறது, எதைத் தொடக் கூடாது என்பதும் இருக்கிறது. "எழுத்து மங்கலா இருக்கு, கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணுங்க" என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். டிசைனர் அந்தக் கடுகு மஞ்சளை இன்னும் அழுத்தமான மஞ்சளாக்கி அனுப்பியிருப்பார். திரையில் அது பளிச்சென்றுதான் இருக்கும். மாலை மேஜையில் முன்பைவிட மோசமாகும்.

ஏன் மோசமாகும் என்பதுதான் விஷயத்தின் மையம்.

வெள்ளைத் தாள் தன் மேல் விழும் எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்புகிறது. அதன்மேல் பூசிய மஞ்சள் மை நீல ஒளியை மட்டும் விழுங்கிவிட்டு, பச்சையையும் சிவப்பையும் அப்படியே விடுகிறது. அந்த இரண்டும் சேர்ந்து கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகின்றன. ஆக, மஞ்சள் எழுத்துக்கும் அதைச் சுற்றியுள்ள தாளுக்கும் இருக்கும் வித்தியாசம் முழுவதும் நீலத்தில்தான் இருக்கிறது. எழுத்து இருக்குமிடத்தில் நீலம் குறைவு, தாளில் நீலம் உண்டு. இப்போது நீலமே குறைவாக இருக்கும் விளக்கை மேலே தொங்கவிடுங்கள். கல்லாவில் சில்லறையே இல்லாத நாளில் ஒருவன் வந்து சில்லறையை மட்டும் திருடிப்போன கதைதான். எழுத்து விழுங்குவதற்கு அங்கே நீலம் இல்லை. எழுத்தும் தாளும் ஏறக்குறைய ஒரே ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. தாள் வெள்ளையாக இல்லாமல் க்ரீமாக இருந்தால் நிலைமை இன்னும் கெடுகிறது, ஏனென்றால் க்ரீம் அட்டை தானே கொஞ்சம் நீலத்தை விழுங்கி மஞ்சளின் பக்கம் பாதி வழி வந்துவிட்டது.

பல்பு டப்பாவில் 2700K, 4000K, 6500K என்று போட்டிருக்கும் எண் இந்த நீலத்தின் பங்கைத்தான் மறைமுகமாகச் சொல்கிறது. எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும், நீலம் குறையும். பழைய குண்டு பல்பு 2700 பக்கத்தில் வரும். நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பரவலாக எரியும் கூல் டேலைட் டியூப் லைட் 6500. கணினித் திரையின் வெள்ளையும் வழக்கமாக அந்த 6500ஐ ஒட்டியே அமைக்கப்பட்டிருக்கும். அச்சுத் தொழிலில் ப்ரூஃபை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ISO 3664 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அது சொல்லும் ஒளி 5000K, பிரகாசம் 2000 லக்ஸ்.

இப்போது அந்தக் கார்டு வந்த வழியைப் பாருங்கள். 6500K திரையில் வரையப்பட்டது. டியூப் லைட் எரியும் அறையில் ஒப்புதல் வாங்கியது. அச்சகத்தில் வெள்ளை வெளிச்சத்தில் சரிபார்க்கப்பட்டது. உரிமையாளரும் பார்சலைப் பகலில் பிரித்துப் பார்த்து மகிழ்ந்தார். அந்தக் கார்டு தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிக்கப்போவது 2700K விளக்கடியில். அந்த வெளிச்சம் அதன்மேல் முதல் தடவை விழுவது வாடிக்கையாளர் கையில் இருக்கும்போதுதான். தவறு எந்த ஒருவருடையதும் அல்ல. கார்டு கடந்துவந்த அறைகளில் எதிலும் அதன் சொந்த விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, நீலம் குறைந்தால் என்ன, கண் பழகிக்கொள்ளாதா? பழகிக்கொள்ளும். அதுவே குழப்பத்துக்கு ஒரு காரணம். மஞ்சள் விளக்கு எரியும் அறைக்குள் நுழைந்து சில நிமிடங்கள் உட்கார்ந்தால், வெள்ளைத் தட்டு வெள்ளையாகவே தெரியத் தொடங்கும். கண்ணும் மூளையும் சேர்ந்து ஒளியின் மஞ்சளைக் கழித்துவிடுகின்றன. அதனால் தினமும் அங்கேயே இருக்கும் உரிமையாளருக்குத் தன் கடை வெளிச்சம் அவ்வளவு மஞ்சள் என்ற உணர்வே இருக்காது. ஆனால் தாளிலிருந்தும் எழுத்திலிருந்தும் ஒரே அளவு ஒளி வருகிறதென்றால், எவ்வளவு பழகினாலும் கண்ணால் அவற்றைப் பிரிக்க முடியாது. வந்து சேராத வித்தியாசத்தை மூளை உண்டாக்கிக்கொள்ள வழியில்லை.

கைபேசிக் கேமராவும் இதே வேலையைச் செய்கிறது. அதிலுள்ள ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மஞ்சளைக் கழிக்கிறது. அதற்கு மேல் போய், இருட்டான படத்தைத் தானாகவே வெளிச்சமாக்கி, விளிம்புகளையும் கூர்மையாக்கிவிடுகிறது. கண்ணால் படிக்க முடியாத விலை போட்டோவில் படிக்கும்படி விழுவது இதனால்தான். கடிதத்தில் அந்த அக்கா போட்டோவை அனுப்பாமல் விட்டது புத்திசாலித்தனம். அனுப்பியிருந்தால் அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகியிருக்கும். போட்டோ அனுப்பியே தீர வேண்டுமென்றால், கேமராவின் ப்ரோ மோடில் ஒயிட் பேலன்ஸை டேலைட் என்று நிறுத்தி எடுக்கலாம். அல்லது எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடலாம். நிறம் போன பிறகு எழுத்து தாளைவிட எவ்வளவு கறுப்பாக நிற்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும்.

கறுப்பு வெள்ளை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சிறிய எழுத்தைப் படிக்க நம் கண்ணுக்கு உதவுவது நிற வித்தியாசம் அல்ல, வெளிச்ச வித்தியாசம். விழித்திரையில் நீல ஒளியை உணரும் கூம்பு செல்கள் மிகச் சிலவே. மொத்தக் கூம்புகளில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நாம் உற்றுப் பார்க்கும்போது பிம்பம் விழும் நட்டநடுப் புள்ளியில் அவை அறவே இல்லை. ஆகவே நீலத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு பொருள்கள் பெரிதாக இருக்கும்வரை பிரிந்து தெரியும். சிறிதானால் ஒன்றாகிவிடும். கார்டின் மேலே இருக்கும் மஞ்சள் பட்டை இரவிலும் பட்டையாகத் தெரிகிறது. அதே மஞ்சளில் அச்சான '180' கரைந்துவிடுகிறது. இரண்டிலும் இருப்பது ஒரே மை.

இனி அந்தக் கார்டையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். இணையப் பக்கங்களுக்கு எழுத்து எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்கு WCAG என்ற வழிகாட்டி ஒரு விகிதத்தை வைத்திருக்கிறது. தாளின் ஒளிர்வையும் எழுத்தின் ஒளிர்வையும் எடுத்து, இரண்டோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுப்பார்கள். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வர வேண்டும். இது திரைக்கு வகுத்த விதி, அச்சுக்கு அல்ல. இருந்தாலும் நிறங்களை ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும். க்ரீம் அட்டைக்கு #FFF8E7, காபிப் பெயரின் அடர் பழுப்புக்கு #4A2C17, விளக்க வரியின் செம்மண்ணுக்கு #B5651D, விலையின் கடுகு மஞ்சளுக்கு #DAA520 என்று எடுத்துக்கொண்டேன்.

திரையில் பழுப்பு கிட்டத்தட்ட 12 வாங்குகிறது. செம்மண் 4.1. கடுகு மஞ்சள் வெறும் 2.1. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடுகு மஞ்சள் திரையிலேயே தேறவில்லை. நல்ல வெளிச்சமும், தன் வடிவமைப்பில் எது எங்கே இருக்கிறது என்ற நினைவும் சேர்ந்து டிசைனரைப் படிக்க வைத்திருக்கின்றன. புதிதாக வருகிற வாடிக்கையாளருக்கு இந்த இரண்டுமே கிடையாது.

இப்போது விளக்கை 2700Kக்கு மாற்றிக் கணக்கிடுவோம். ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே பகுதியாகப் பிரித்துப் போடும் தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. செம்மண் 4.1லிருந்து 3.2க்கு இறங்குகிறது. கடுகு மஞ்சள் 1.8 ஆகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மஞ்சள் விளக்கில் சிவப்பின் பங்கு அதிகம். செம்மண், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய மைகள் அந்தச் சிவப்பைத் தாராளமாகத் திருப்பி அனுப்பித் தாளின் வெளிச்சத்தை நெருங்குகின்றன.

எனக்கு ஆச்சரியம் தந்தது அடர் பச்சைதான். #14532D என்ற பச்சையைப் போட்டுப் பார்த்தேன். திரையில் 8.6. மஞ்சள் விளக்கில் அது 9.9 ஆக ஏறுகிறது. பச்சை மை சிவப்பை விழுங்குகிறது. விளக்கில் சிவப்பு கூடும்போது விழுங்குவதும் கூடுகிறது, எழுத்து இன்னும் கறுக்கிறது. அடர் நீலமும் இதேபோலத்தான் நடந்துகொள்ளும். எந்த விளக்கு செம்மண்ணை வெளுக்க வைக்கிறதோ அதே விளக்கு பச்சையைத் தூக்கிவிடுகிறது. கஃபே டிசைனர்கள் விளக்கோடு இசைந்துபோகட்டும் என்று மஞ்சள், ஆரஞ்சு, பழுப்புச் சாயல்களையே தேடிப் போகிறார்கள். எழுத்தைப் பொறுத்தவரை அந்த இசைவுதான் எதிரி.

இது வெளிர் அட்டைக்குச் சொன்னது. கறுப்பு அட்டையில் எல்லாம் தலைகீழ். அங்கே எழுத்து தாளைவிட வெளிச்சமாக நிற்க வேண்டும். நீலம், ஊதா, கரும்பச்சை எழுத்துகள் மஞ்சள் விளக்கில் மேலும் கறுத்து அட்டைக்குள் புதைந்துவிடும். மஞ்சளும் க்ரீமும் மின்னும். அந்த அக்காவுக்குத் தன் கடுகு மஞ்சளை விலையிலும் விட மனமில்லையென்றால் ஒரு வழி உண்டு. விலைகள் வரும் பத்தியை அடர் பழுப்புப் பட்டையாக்கி, அதன்மேல் கடுகு மஞ்சளில் எண்களைப் போடலாம். திரையில் 5.6, மஞ்சள் விளக்கில் 6. அதே மஞ்சள்தான், பின்னணி மட்டும்தான் மாறியிருக்கிறது.

வெளிச்சத்தின் அளவையும் விட்டுவிட முடியாது. அச்சுத் தரம் சொல்வது 2000 லக்ஸ். தொங்கு விளக்கு மட்டும் எரியும் கஃபே மேஜையில் 50 லக்ஸ் கிடைத்தாலே பெரிது. அதிலும் குனிந்து படிப்பவரின் தலை நிழல் கார்டின்மேல் விழும். வெளிச்சம் குறையும்போது சிறு வித்தியாசங்களைப் பிரித்தறியும் திறனைக் கண் இழக்கிறது. பகலில் 4 என்ற விகிதத்தைச் சமாளித்த கண் இரவில் தடுமாறுகிறது. வயது இதைக் கூட்டுகிறது. கண்ணின் வில்லை வயதாக ஆக மஞ்சளாகிறது, பாப்பா இருட்டில் முன்புபோல விரிவதில்லை. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பார்கள். அந்த மஞ்சள் வில்லை மிச்சமிருக்கும் நீலத்தையும் வடிகட்டிவிடும். "கல்லூரிப் பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள்" என்று கடிதத்தில் இருந்த வரி புகார் மட்டுமல்ல, செம்மண் நிறம் எந்த எல்லையில் நிற்கிறது என்ற தகவலும்கூட.

அச்சில் இன்னொரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. திரையில் கடுகு மஞ்சள் ஒரே சீரான நிறம். நான்கு வண்ண அச்சில் அது முழு மஞ்சள் மையும் அதன்மேல் தூவிய மெஜந்தா புள்ளிகளும். மஞ்சள் மை கிட்டத்தட்டத் தாள் அளவுக்கே வெளிச்சமானது என்பதைப் பார்த்தோம். ஆக, எழுத்துக்கு விளிம்பு கொடுப்பது அந்த மெஜந்தா புள்ளிகள் மட்டுமே. புள்ளிகளால் ஆன விளிம்பு நேர்கோடாக இராது. தலைப்பு அளவு எழுத்தில் இது தெரியாது. எட்டுப் பாயின்ட் எழுத்தில் கோடே புள்ளி அளவுக்கு மெல்லியதாக இருப்பதால் எழுத்து அரித்ததுபோல ஆகிவிடும். 3, 6, 8 மூன்றும் ஒன்றாகத் தோன்றும். தமிழில் இதைவிட மோசம், முதலில் காணாமல் போவது புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் அந்தச் சிறு வட்டம் கரைந்தால் 'பால்' என்பது 'பால' ஆகிவிடும். பழகிய சொல்லென்றால் வாசகர் ஊகித்துக்கொள்வார். அறிமுகமில்லாத பானத்தின் பெயரைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதியிருந்தால் ஊகிக்கவும் முடியாது. கறுப்பு மை கணிசமாகக் கலந்த நிறங்களில் இந்தத் தொல்லை குறைவு. விளிம்பைக் கறுப்பு பிடித்துக்கொள்ளும்.

டிசைனர் பக்கத்தில் வேலை எவ்வளவு? பலர் எண்ணுவதுபோல் பெரிதல்ல. நம் ஊரில் மெனு கார்டு, கல்யாணப் பத்திரிகை போன்றவற்றைப் பெரும்பாலும் கோரல்டிராவில் செய்வார்கள். அச்சகத்தில் தமிழ் எழுத்துரு இல்லாமல் போய் எழுத்துகள் உடையக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் கர்வ்ஸாக மாற்றி அனுப்புவார்கள். கர்வ்ஸான எழுத்துக்கும் நிறம் மாற்றுவது எளிது. ஒரே நிறத்தில் இருப்பவற்றை எல்லாம் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து மாற்றிவிடலாம். முடியாதது எழுத்துருவையே தடித்த வடிவத்துக்கு மாற்றுவதும் சொல்லைத் தட்டச்சில் திருத்துவதும். அதற்குக் கர்வ்ஸ் ஆக்குவதற்கு முந்தைய ஃபைல் வேண்டும். அதனால் முதல் ஆர்டரின்போதே அந்த ஃபைலையும் வாங்கி வைத்துக்கொள்வது உரிமையாளருக்கு நல்லது. நிறத்தை மாற்றியும் பலன் போதாவிட்டால் அடுத்த படி எழுத்தைத் தடிமனாக்குவதுதான்.

விளக்கைத்தான் மாற்றுங்களேன் என்று டிசைனர் திருப்பிக் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 4000K பல்பு போட்டால் செம்மண் ஓரளவு மீளும். ஆனால் கடுகு மஞ்சள் 6500Kயிலேயே 2.1தான் என்பதால் அது எந்த விளக்கிலும் தேறாது. கடைக்காரர் "சிஆர்ஐ 90 உள்ள பல்பு, நிறமெல்லாம் இயற்கையாத் தெரியும்" என்று கூடுதல் விலைக்கு ஒன்றைக் கொடுப்பார். அதே கெல்வின் எண்ணுள்ள குண்டு பல்பின் கீழே நிறங்கள் எப்படித் தெரியுமோ அதற்கு இது எவ்வளவு நெருக்கம் என்பதை அளப்பதே சிஆர்ஐ. குண்டு பல்பின் சிஆர்ஐ ஏறக்குறைய முழு 100. அதன் கீழும் மஞ்சள் எழுத்து மறையத்தான் செய்தது. கேக்கும் முகங்களும் அழகாகத் தெரிய வேண்டுமென்றால் நல்ல சிஆர்ஐக்குப் பணம் கொடுக்கலாம், விலைப்பட்டியலுக்காகக் கொடுக்க வேண்டியதில்லை.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் லேமினேஷன் வருகிறதே, அதுவும் காரணத்தோடுதான். பளபளக்கும் கிளாஸி லேமினேஷன் தொங்கு விளக்கைக் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும். விளக்கின் பிம்பம் விழுந்த இடத்தில் அடர் பழுப்புகூட வெளுத்துப்போகும். மேட் லேமினேஷனில் அந்தப் பிம்பம் சிதறிவிடும். கிளாஸியா மேட்டா என்பது திரையில் ஒருபோதும் தெரியாது. ஆகவே மாதிரிக் கார்டு இறுதி அட்டையில், இறுதி லேமினேஷனோடு வந்தால்தான் சோதனைக்கு மதிப்பு. சோதனையும் எளிது. இருட்டிய பிறகு, கடையிலேயே மிக மங்கலான மேஜையில், கார்டை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பட்டியலை முன்பின் பார்த்திராத ஒருவரை ஐந்து விலைகளை வாசிக்கச் சொல்ல வேண்டும். உரிமையாளரோ டிசைனரோ வாசித்தால் கணக்கில்லை, அவர்களுக்கு விலை மனப்பாடம். கண்ணாடி போட்டவர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

உரிமையாளர் வெளியூர் என்றால், டிசைனர் தன் அறையிலேயே இதைச் செய்யலாம். ஒரு 2700K பல்பை வாங்கி மேஜை விளக்கில் மாட்டி, டியூப் லைட்டை அணைத்துவிட்டு, திரையையும் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். திரை எரிந்தால் அதன் நீலம் தாளில் விழுந்து முடிவைக் கெடுத்துவிடும்.

இனி ஏற்கெனவே அச்சான கார்டுகள். அவற்றின் மஞ்சள் எண்கள்மேல் அடர் பழுப்பில் மறு அச்சு போட்டுவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்க வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மஞ்சள் நிழல் விழும், லேமினேஷன் செய்த அட்டையில் சாதாரண மையும் பிடிக்காது. விலைப் பத்தியின் அகலத்துக்கு மேட் ஸ்டிக்கரில் புதிய எண்களை அச்சடித்து ஒட்டினால் போதும். புதிய கார்டு வரும்வரை அது தாங்கும். மறு அச்சுக்கான செலவு யாருடையது என்ற பேச்சும் வரும். முதல் ஆர்டரில் விளக்கைப் பற்றி உரிமையாளரும் சொல்லவில்லை, டிசைனரும் கேட்கவில்லை என்றால், நிறம் மாற்றும் வேலைக்கு டிசைனர் காசு கேட்காமலும், அச்சுக்கும் அட்டைக்கும் உரிமையாளர் கொடுத்தும் முடித்துக்கொள்வதே இருவருக்கும் நியாயமாகப் படுகிறது.